கேஸ் போயிடுச்சு சார்!

எங்கள் வீட்டில் பிரிட்ஜ் கெட்டுப்போனதை முதலில் கண்டுபிடித்தது மனுஷங்க யாரும் இல்லை. தோசை மாவு. சனிக்கிழமை அரைத்து உள்ளே வைத்த மாவு ஞாயிறு காலை மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து, கீழ்த்தட்டில் இருந்த தக்காளியை எல்லாம் குளிப்பாட்டியிருந்தது. "என்னய்யா இது, மாவு வெளிய வச்ச மாதிரி பொங்கியிருக்கு" என்றார் அம்மா. பெங்களூர் குளிருக்கு வெளியே வைத்தாலே மாவு பொங்காது என்பதுதான் எங்கள் வீட்டு நிரந்தரப் புலம்பல். அப்பேர்ப்பட்ட ஊரில் பிரிட்ஜுக்குள் பொங்கியது என்றால் விஷயம் சாதாரணமில்லை.

மாவு போனால் போகட்டும். கதவுத் தட்டில் அம்மாவின் இன்சுலின் இருந்தது. ரெண்டு மாசத்துக்கு மொத்தமாக வாங்கி வைத்த, இன்னும் பிரிக்காத டப்பாக்கள். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. கொரோனா காலத்தில் வாங்கிய ஒரு சின்னத் தெர்மாமீட்டர் வீட்டில் கிடந்தது. கீழ்த்தட்டில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்தேன். 15 டிகிரி. மேலே ஃப்ரீசரில் வைத்தேன். மைனஸ் 9. ஐஸ் கட்டி கல் மாதிரி இருக்கிறது, கீழே மாவு பொங்குகிறது. இந்த ரெண்டு நம்பரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் மக்களே, பின்னால் வேலை இருக்கிறது. எனக்கு அப்போது அதன் அர்த்தம் தெரியவில்லை. இன்சுலினைப் பக்கத்து வீட்டு பிரிட்ஜில் அடைக்கலம் வைத்துவிட்டு மெக்கானிக்கைத் தேடினேன்.

ராமமூர்த்தி நகரில் அதற்கா பஞ்சம்? மூன்று பேருக்கு போன் போட்டேன். ஒருத்தர் வந்து பார்க்கவே 350 ரூபாய் என்றார். இன்னொருத்தர் 300. மூன்றாவது கடையில் "விசிட்டிங் சார்ஜ் ஃப்ரீ சார், வேலை செஞ்சா மட்டும் காசு" என்றார்கள். பி.காம் படித்து, வங்கியில் இருபது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டிய மூளை எதைத் தேர்ந்தெடுக்கும்? அதையேதான். தங்கமணியிடம் 350 ரூபாய் மிச்சம் பிடித்த பெருமையை வேறு சொல்லிக்கொண்டேன்.

பையன் வந்தான். இருபத்தைந்து வயசு இருக்கும், மரியாதையான பையன். செருப்பை வெளியே கழட்டிவிட்டு வந்தான். கீழ்க்கதவைத் திறந்து கையை நீட்டிப் பார்த்தான். பிரிட்ஜை முன்னால் இழுத்து, பின்னால் கம்ப்ரஸர் மேல் கை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தான். "எஷ்டு பிசி நோடி சார்!" என்றான். (பிசி என்றால் கன்னடத்தில் சூடு. பெங்களூர் வந்த புதிதில் 'பிசி பேளே பாத்' என்பதை வேலையாய் இருக்கும் சாதம் என்று நினைத்திருந்தேன், அது தனிக்கதை.) பிறகு நம் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினான். "கேஸ் போயிடுச்சு சார். ஏழு வருஷம் ஆச்சுல்ல, காஞ்சிடும்."

எண்ணி எட்டு நிமிஷம். கேஸ் 3,400, ஃபில்டர் 500, சர்வீஸ் 300, ஆக மொத்தம் 4,200. "இன்னிக்கே போட்டுடலாமா சார்?"

நான் அங்கே ஒரு முட்டாள்தனம் செய்தேன். "அம்மாவோட மருந்து இருக்குப்பா, காசு பத்தி இல்ல, சீக்கிரம் ஆகணும்" என்று சொல்லித் தொலைத்தேன். கடன் கேட்டு வருகிறவர் "வட்டி எவ்வளவானாலும் பரவாயில்லை சார்" என்றால் நாங்கள் அவரை எப்படிப் பார்ப்போம் என்று எனக்குத் தெரியும். இருந்தும் சொன்னேன். சொன்ன அடுத்த நிமிஷம் "கம்ப்ரஸரும் கொஞ்சம் வீக்கா இருக்கு சார்" என்று ஒரு வரி புதிதாக முளைத்தது.

ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ரக் பல்கலைக்கழகக்காரர்கள் இதையே சோதனையாகச் செய்து 2016-ல் வெளியிட்டார்கள். ஒரே மாதிரி பழுதாக்கிய கம்ப்யூட்டர்களை ஒவ்வொரு கடையாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சில கடைகளில் ஒன்றும் சொல்லவில்லை. சில கடைகளில் "பில் வேணும், இன்சூரன்ஸ்ல வாங்கிக்குவேன்" என்று மட்டும் சொன்னார்கள். இன்சூரன்ஸ் என்று சொன்ன இடங்களில் சராசரி பில் 80 சதவீதத்துக்கும் மேல் எகிறியது. தேவையில்லாத பாகம் மாற்றியதாகவும், கூடுதல் நேரம் வேலை பார்த்ததாகவும் கணக்கு. அவசரம் என்று சொல்வதும் இன்சூரன்ஸ் என்று சொல்வதும் கடைக்காரர் காதில் ஒன்றாகத்தான் விழும்: இவர் பில்லைப் பார்க்க மாட்டார்.

நான் ஏன் உடனே சரி சொல்லவில்லை என்பதற்கு ஒரு கொசுவத்தி சுற்ற வேண்டும்.

2016-ல் எங்களிடம் ஒற்றைக் கதவு பிரிட்ஜ் இருந்தது. ஃப்ரீசரில் ஐஸ் மலை மாதிரி ஏறி, உள்ளே ஒரு பாத்திரம் ஒட்டிக்கொண்டது. அடியேன் காய்கறிக் கத்தியை எடுத்துக் குத்தினேன். "புஸ்ஸ்ஸ்" என்றொரு சத்தம். அந்த மாடல்களில் ஃப்ரீசர் பெட்டியின் அலுமினியச் சுவருக்குள்ளேயேதான் கேஸ் ஓடும் பாதை இருக்கிறது. வந்து பார்த்த பெரியவர் ஓட்டையைக் காட்டி, "இந்தப் பெட்டியையே மாத்தணும், அப்புறம் கேஸ். 3,800 ஆகும். வெறும் கேஸ் அடிச்சா நிக்காது" என்றார். கொள்ளைக்காரன் என்று நினைத்து இருநூறு ரூபாய் கொடுத்து அனுப்பிவிட்டேன். அடுத்து வந்தவர் ஓட்டையில் ஏதோ பசையைத் தடவி 1,200-க்கு கேஸ் அடித்தார். மூன்று வாரம் ஓடியது. மறுபடி 1,200. மறுபடி மூன்று வாரம். கடைசியில் அந்தப் பெட்டியை மாற்றித்தான் ஆகவேண்டி வந்தது. அதிக விலை சொன்னவர் உண்மை சொன்னார். குறைந்த விலை சொன்னவர் என்னை ரெண்டு தடவை மொட்டை அடித்தார். அன்றிலிருந்து விலையை வைத்து மட்டும் ஆளை எடை போடுவதில்லை என்று ஒரு சபதம். (விசிட்டிங் சார்ஜ் விஷயத்தில் அந்த சபதம் காற்றில் பறந்ததை மேலே பார்த்தீர்கள்.)

பையனிடம் "நாளைக்குச் சொல்றேம்ப்பா" என்று அனுப்பிவிட்டு, விருதுநகரில் என்னோடு பத்தாவது வரை படித்த நண்பனைக் கூப்பிட்டேன். அவன் அப்போதே படிப்பை விட்டுவிட்டு பிரிட்ஜ் ஒர்க் ஷாப்பில் சேர்ந்தவன். இன்று சொந்தமாக ஒர்க் ஷாப், சொந்த வீடு. நான் ஹோம் லோனில் இருக்கிறேன்.

"டேய், பிரிட்ஜ் சைடு சுவத்துல கை வச்சுப் பாரு, சுடுதா?"

வைத்தேன். ரெண்டு பக்கமும் நன்றாகவே வெதுவெதுப்பாக இருந்தது.

"ஃப்ரீசர்ல ஐஸ் நிக்குதா?"

"கல்லு மாதிரி இருக்குடா. மைனஸ் 9 காட்டுது."

"அப்புறம் எப்படிடா கேஸ் போச்சு? பின்னால தகட்டக் கழட்டிப் பாத்தானா?"

"எந்தத் தகடு?"

அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, ரிசர்வ் வங்கி ஆய்வாளர்கூட என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை.

அவன் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். பிரிட்ஜுக்குள் இருக்கும் கேஸ் பைக் பெட்ரோல் மாதிரி செலவாகிற சாமான் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வந்து வெளியே விடும், மறுபடி உள்ளே போகும். இப்போது வரும் பெரும்பாலான பிரிட்ஜ்களில் வெளியே சூட்டை விடும் குழாய் பக்கச் சுவர்களுக்குள் ஒளிந்திருக்கிறது. அதனால்தான் சுவர் வெதுவெதுப்பாக இருக்கிறது. கேஸ் உண்மையிலேயே ஒழுகிப் போயிருந்தால் எடுத்து வர ஆளில்லை. கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் சுவர் சூடேறாது, ஃப்ரீசரும் சேர்ந்தே சொதப்பும். கம்ப்ரஸர் மேல் கை வைத்தால் சுடுவது ஒரு அடையாளமே இல்லை. ஓடுகிற கம்ப்ரஸர் நல்லா இருந்தாலும் சுடும், கெட்டிருந்தாலும் சுடும். பையன் கையை வெடுக்கென்று எடுத்தது நல்ல நடிப்பு, அவ்வளவுதான். ஏழு வருஷத்தில் காய்வதும் கிடையாது. கேஸ் குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டை எங்கே என்று சொல்லாமல் கேஸ் அடிக்கிறேன் என்பவர் மூன்று வாரத்துக்குத்தான் அடிக்கிறார்.

சரி, கீழே ஏன் குளிரவில்லை? எங்களுடையது ரெண்டு கதவு, ஃப்ராஸ்ட் ஃப்ரீ ரகம். இதில் குளிர்விக்கும் சுருள் ஒன்றே ஒன்றுதான், ஃப்ரீசரின் பின்தகட்டுக்குப் பின்னால். ஒரு சின்ன ஃபேன் அந்தச் சுருள் வழியாகக் காற்றை இழுத்து, கொஞ்சத்தை ஃப்ரீசருக்கும் கொஞ்சத்தை ஒரு பொந்து வழியாகக் கீழேயும் அனுப்புகிறது. நாம் கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே போகும் ஈரம் அந்தச் சுருளில் பனியாகப் படியும். அதை உருக்க அடியில் ஒரு ஹீட்டர். கம்ப்ரஸர் எட்டுப் பத்து மணி நேரம் ஓடினதும், ஒரு டைமர் அதை நிறுத்திவிட்டு ஹீட்டரைப் போடும். பனி உருகிச் சுருள் கொஞ்சம் சூடானதும் பைமெட்டல் என்கிற சின்ன வில்லை ஹீட்டரை அணைத்துவிடும். நமக்குத் தெரியாமலே தினமும் நடக்கிற சமாச்சாரம் இது.

இந்தச் சங்கிலியில் டைமர், ஹீட்டர், பைமெட்டல், கூடவே இருக்கும் ஃப்யூஸ், இதில் எது ஒன்று போனாலும் பனி உருகாது. நாளாக ஆகச் சுருள் முழுக்கப் பனி அடைத்துக்கொள்ளும். காற்று போக வழி இருக்காது. ஃப்ரீசர் சுருளுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் தாக்குப்பிடிக்கும். கீழ்த்தட்டு முதலில் சாகும். மைனஸ் 9-ம் 15-ம் சொன்ன கதை இதுதான்.

நண்பன் காசில்லாத சோதனை ஒன்று சொன்னான். பிளக்கைப் பிடுங்கி, ரெண்டு கதவையும் திறந்து, 24 மணி நேரம் அப்படியே விடு. கீழே பழைய துணி போடு. கத்தி, ஹேர் டிரையர் எதையும் எடுக்காதே (2016 கதை அவனுக்குத் தெரியும்). அப்புறம் போட்டுப் பார். கேஸ் போயிருந்தால் பனி உருகினாலும் ஒரு மாற்றமும் இருக்காது. பனி அடைப்பு என்றால் புதுசு மாதிரி குளிரும், ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து மறுபடி படுக்கும்.

அப்படியே செய்தோம். இருந்த பாலை எல்லாம் தங்கமணி பாயசமாக்கினாள், அதில் யாருக்கும் வருத்தமில்லை. கீழே போட்ட மூணு துண்டும் சொட்டச் சொட்ட நனைந்தன. ஒரு சொட்டுப் பனிகூட வெளியே தெரியாத பிரிட்ஜிலிருந்து இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அம்மாவுக்கு ஆச்சரியம். மறுநாள் பிளக்கைப் போட்டு, ராத்திரி பார்த்தால் கீழ்த்தட்டு 5 டிகிரி. நாலு நாள் 5, 5, 6, 6. ஏழாவது நாள் 13.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. பிரிட்ஜ் மேலும் கீழும் எங்கேயுமே குளிராமல் இருந்தால் இது ஒன்றும் சொல்லாது. ஸ்டார்ட் ஆகாத கம்ப்ரஸர், ஓடாத ஃபேன் இதற்கெல்லாம் வேறு வழி. குழாய்க்குள் ஈரம் புகுந்து மெல்லிய குழாயில் உறைந்து அடைத்தாலும், நிறுத்திப் போட்டால் கொஞ்ச நேரம் குளிரும். ஆனால் அது சில மணி நேரத்திலோ ஒரு நாளிலோ திரும்பப் படுத்துவிடும், ஃப்ரீசரையும் சேர்த்துக்கொண்டு. ஒரு வாரம் தாங்கியது எங்களுடையது பனி அடைப்பு என்பதற்கு நல்ல சாட்சி.

இப்போது முதலில் 350 ரூபாய் கேட்டவரையே கூப்பிட்டேன். ஐம்பதைத் தாண்டியவர், ஐ.டி.ஐ. படித்தவர். உள்ளே வந்ததும் பிரிட்ஜைத் தொடவில்லை. என்னைத்தான் கேள்வி கேட்டார். எப்போதிருந்து? மேலே ஐஸ் நிற்கிறதா? கரண்ட் போய்ப் போய் வந்ததா? அப்புறம் ஃப்ரீசரைக் காலி பண்ணச் சொல்லி, ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பின்தகட்டை எடுத்தார். "வாங்க சார், நீங்களும் பாருங்க."

சுருளே தெரியவில்லை. மேலிருந்து கீழ் வரை ஒரே வெள்ளை. அவர் விரலால் காட்டிச் சொன்னது இது: கேஸ் குறைந்திருந்தால், கேஸ் உள்ளே நுழையும் இடத்தில் ஒன்று ரெண்டு சுற்றில் மட்டும் பனி உருண்டை மாதிரி நிற்கும், மீதிச் சுருள் வெறும் கம்பியாக இருக்கும். முழுக்க ஒரே சீராகப் பனி பிடித்திருந்தால் கேஸ் கடைசி வரை போகிறது என்று அர்த்தம். சந்தேகத்துக்குக் கம்ப்ரஸர் வயரில் கிளாம்ப் மீட்டர் மாட்டிக் காட்டினார். பிரிட்ஜ் ஸ்டிக்கரில் போட்டிருந்த ஆம்பியருக்குக் கிட்டத்தில் காட்டியது. கேஸ் குறைந்தால் கம்ப்ரஸருக்கு வேலை குறைவு, கரண்டும் குறைவாகத்தான் இழுக்கும் என்றார்.

பனியை உருக்கிவிட்டு மீட்டரை வைத்து ஹீட்டரைப் பார்த்தார், நன்றாக இருந்தது. ஃப்யூஸும் நன்றாக இருந்தது. பைமெட்டலை மட்டும் கழற்றி, அம்மாவிடம் ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீர் கேட்டார். குடிக்கத்தான் கேட்கிறார் என்று அம்மா சொம்போடு வந்தார். அவர் பைமெட்டலை அதில் முக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். விஷயம் என்னவென்றால், சாதா சூட்டில் பைமெட்டல் இணைப்பு விட்டுத்தான் இருக்கும், அது அதன் குணம். நன்றாகக் குளிர்ந்தால்தான் இணையும். வெளியே எடுத்த கையோடு மீட்டரை வைத்து, "பாருங்க சார், போச்சு" என்று காட்டினால் நல்ல பைமெட்டலும் கெட்டதாகத் தெரியும். இவர் ஐஸ் போட்டு, உப்பும் போட்டு, கால் மணி நேரம் காத்திருந்தார். அப்போதும் இணையவில்லை. அதன் ஒரு பக்கம் லேசாக உப்பியிருந்ததையும் காட்டினார். தண்ணீர் இறங்கினால் அப்படி ஆகுமாம்.

பைமெட்டல் 380, கூலி 600, வந்ததற்கு 350. மொத்தம் 1,330. கையால் எழுதிய பில், பழைய வில்லையும் என் கையில்.

இங்கே ஒரு விஷயத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். பையன் சொன்ன 4,200 அநியாய விலை இல்லை. கேஸ் வேலை ஒழுங்காகச் செய்தால் அதற்கு அரை நாள் போகும். ஓட்டையைக் கண்டுபிடிக்க நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். ஓட்டையை அடைத்து, ஃபில்டரை மாற்றி, வாக்குவம் பம்ப் போட்டுக் குறைந்தது அரை மணி நேரமாவது குழாயிலிருந்து காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். அப்புறம் தராசில் வைத்து கேஸ் ஏற்ற வேண்டும். எங்கள் பிரிட்ஜ் ஸ்டிக்கரில் ஆர்-600ஏ, 50 கிராம் என்று போட்டிருக்கிறது. ஒரு கைப்பிடி வேர்க்கடலை எடை. அந்த கேஸ் ஐசோபியூட்டேன், நம்ம சமையல் கேஸுக்கு ஒன்றுவிட்ட தம்பி, நெருப்பு பட்டால் பிடிக்கும். கேஸ் உள்ளே இருக்கும்போது பர்னரைப் பற்றவைக்கிற ஆளை வீட்டுக்குள் விடவே கூடாது. 50 கிராம் கேஸுக்கா இத்தனை ஆயிரம் என்று கேட்டால் தப்பு. காசு பம்புக்கும் நேரத்துக்கும் கைப்பழக்கத்துக்கும். ஆனால் சின்ன சிலிண்டரோடு மட்டும் வந்து இருபத்தைந்து நிமிஷத்தில் முடித்துவிட்டுப் போகிறவர், அதே காசை வாங்கிக்கொண்டு அந்த வேலையைச் செய்யவில்லை. "எத்தனை கிராம் போடுவீங்க, தராசு இருக்கா?" என்ற ஒரு கேள்விக்கு முகம் எப்படிப் போகிறது என்று பார்த்தாலே போதும்.

ஆக எங்கள் விஷயத்தில் நடக்க இருந்தது, இல்லாத வியாதிக்கு நியாயமான விலை. நாம் பெரும்பாலும் விலையைத்தான் நாலு பேரிடம் விசாரிக்கிறோம். நானும் அபார்ட்மெண்ட் நண்பர்களிடம் "கேஸ் அடிக்க 4,200 சரியா?" என்றுதான் முதலில் கேட்டேன். "கொஞ்சம் ஜாஸ்தி, 3,500-க்கு முடிங்க" என்றார்கள். பேரம் பேசி 700 ரூபாய் ஜெயித்திருப்பேன், ஒரு வாரத்தில் மாவும் பொங்கியிருக்கும். வியாதியை யாரும் கேட்கவில்லை.

1973-லேயே டார்பி, கார்னி என்று ரெண்டு பொருளாதாரக்காரர்கள் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். சில சரக்கை வாங்கும் முன்பே சோதிக்கலாம், சிலதை வாங்கிப் பயன்படுத்தினால் தெரியும், சிலதை வாங்கிய பிறகும் தேவைதானா என்று தெரியாது. ரிப்பேர் மூன்றாவது ரகம். என்ன தேவை என்று சொல்பவரும் அதை விற்பவரும் ஒரே ஆள் என்பதுதான் சிக்கல்.

எங்கள் வங்கியில் இந்தச் சிக்கலை எப்படிச் சமாளிக்கிறோம்? வீட்டுக் கடனுக்கு வேல்யுவர் என்று ஒருவர் வீட்டைப் பார்த்து மதிப்பு சொல்வார். கடன் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அவருக்கு ஃபீஸ் உண்டு. "கடன் சாங்ஷன் ஆனால்தான் உங்களுக்குக் காசு" என்று வைத்துப் பாருங்கள், குடிசையும் கோபுரமாகும். நானோ என் வீட்டு பிரிட்ஜுக்கு அந்த மாதிரி வேல்யுவரைத்தான் தேடிப் பிடித்தேன், ஃப்ரீ என்று. வந்து போக பெட்ரோல், ராமமூர்த்தி நகர் டிராஃபிக்கில் ஒரு மணி நேரம், எல்லாம் அவன் கைக்காசு. 'ஒண்ணுமில்ல சார், சின்ன வில்லை' என்று உண்மை சொன்னால் அவனுக்கு நஷ்டம். 350 கேட்டவருக்கு உண்மை சொல்வதில் நஷ்டமில்லை. ஃபீஸ் கேட்கிறவர் எல்லாம் அரிச்சந்திரன் என்று சொல்ல வரவில்லை. தகட்டைக் கழற்றாமல் கேஸ் என்று சொன்னால் 350 வாங்கினாலும் அதே கதைதான். ஆனால் பார்ப்பதற்குக் காசு வாங்கியவரிடம் "பார்த்ததைக் காட்டுங்க" என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. ஃப்ரீயாக வந்தவரிடம் எந்த முகத்தோடு கேட்பது?

நம்ம ஆட்களுக்கு இன்னொரு பயம், பாஷை. கன்னடம் அரைகுறை, ஏமாற்றிவிடுவானோ என்று தமிழ் பேசும் மெக்கானிக்காகத் தேடுகிறோம். என் கணக்கில் தமிழ் பேசியவன் கேஸ் என்றான், தகட்டைக் கழற்றியவர் சுத்தக் கன்னடக்காரர். சுருளில் இருந்த பனிக்குப் பாஷை தேவைப்படவில்லை.

இணையத்தில் கம்பெனி பெயரைப் போட்டுத் தேடினால் முதலில் வரும் நம்பரையும் நம்பாதீர்கள். கம்பெனி சர்வீஸ் சென்டர் மாதிரியே வேஷம் போட்ட நம்பர்கள் நிறைய. கஸ்டமர் கேர் என்று நம்பிப் பேசி, அவர்கள் அனுப்பிய லிங்கைத் தட்டிக் கணக்கில் பணம் இழந்தவர்கள் என் மேஜை முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். வாரண்டி அட்டையில் இருக்கும் நம்பரே உத்தமம். காசு கொடுத்தால் பில் கேளுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் கொடுக்காததே முறையற்ற வணிக நடைமுறை என்று சேர்த்திருக்கிறார்கள். தகராறு என்றால் தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915. ஆனால் 'கேஸ் அடித்தது' என்று ஒரு வரி மட்டும் இருக்கும் பில்லை வைத்துக்கொண்டு அங்கே எதை நிரூபிப்பீர்கள்? என்ன பாகம், எத்தனை கிராம், எத்தனை நாள் கேரண்டி என்று எழுதி வாங்கினால்தான் அது பில்.

இன்சுலின் வீட்டுக்குத் திரும்பிவிட்டது. 15 டிகிரியில் இருந்ததே, போடலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் அம்மாவுக்கு ஆரம்பித்தோம். தெர்மாமீட்டர் இப்போது கீழ்த்தட்டிலேயே நிரந்தர வாசம்.

போன வாரம் அந்தப் பையனே போன் செய்தான். "சார், பிரிட்ஜ் என்னாச்சு?"

"பைமெட்டல்ப்பா. மாத்தியாச்சு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "எவ்வளவு சார் வாங்குனாங்க?"

சொன்னேன்.

"பைமெட்டல் மாத்துனா கடைக்குக் கொடுத்தது போக எனக்கு நூறு ரூபா நிக்காது சார். ஒரு நாளைக்கு ரெண்டு கேஸ் வேலையாவது கொண்டு வரணும்னு ஓனர் சொல்லியிருக்காரு. நீங்க ஃப்ரீ விசிட்னுதான சார் கூப்பிட்டீங்க?"

ஆமாம், அப்படித்தான் கூப்பிட்டேன். வாஷிங் மெஷினிலிருந்து ஒரு சத்தம் வருகிறது, வந்து பார்ப்பாயா, பார்க்க மட்டும் 350 தருகிறேன், திறந்து காட்ட வேண்டும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறான்.